பூரணை நிலா எந்த மீனோடு நிற்கும்?

பிள்ளைகளே,

தமிழ் மாதங்கள் பன்னிரண்டையும் போன வகுப்பில் பாடமாக்கிவிட்டீர்கள். சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி என்று மூச்சு விடாமல் சொல்லுவீர்கள். நானும் உங்கள் வயதில் அப்படித்தான் சொன்னேன். நான் பள்ளிக்கூடம் போனது ரொறன்ரோவில்தான். சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு. மாதங்களின் பெயர்கள் வாயில் வந்தன, ஆனால் அந்தச் சொற்களுக்கு என்ன பொருள் என்று நான் கேட்டதில்லை.

என் மகள் கேட்டாள்.

அது 2025ஆம் ஆண்டு, டிசம்பர் மாதத் தொடக்கம். எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தமிழ்க் கலண்டர் ஒட்டியிருக்கிறது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். டிசம்பர் 3, புதன்கிழமைக் கட்டத்தில் "கார்த்திகை" என்று இருந்தது. டிசம்பர் 4, வியாழக்கிழமைக் கட்டத்தில் "பூரணை" என்று இருந்தது. பூரணை என்றால் முழுநிலா. பௌர்ணமி என்றும் சொல்லுவார்கள்.

"அம்மா, இந்தக் கலண்டர் பிழை."

"ஏன் பிள்ளை?"

"பூரணை நிலா கார்த்திகை மீனோட நிக்கிறதாலதான் இந்த மாதத்துக்குக் கார்த்திகை எண்டு பேர் வந்தது. அம்மம்மா சொன்னவ. அப்ப கார்த்திகையும் பூரணையும் ஒரே நாளில தானே வரவேணும்? இதில ரெண்டு நாளில இருக்கு."

எனக்குப் பதில் தெரியவில்லை. கணினி மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அதனால் நானும் கலண்டரில்தான் பிழை என்று நினைத்தேன். கைப்பேசியில் வேறொரு பஞ்சாங்கத்தைத் திறந்து பார்த்தேன். அதிலும் அதே இரண்டு நாட்கள்தான்!

அம்மம்மா சிரித்தார். "கலண்டர் சரி. ரெண்டு பேரும் வெளியில போய்ப் பாருங்கோ. இண்டைக்கும் பாருங்கோ, நாளைக்கும் பாருங்கோ."

இரண்டு இரவுகள்

டிசம்பர் 3 இரவு. நாங்கள் ஜக்கெற் போட்டுக்கொண்டு பல்கனிக்குப் போனோம். மேகம் வந்து வந்து போனது. நிலா கிட்டத்தட்ட முழு வட்டம். அதன் வெளிச்சத்தில் பக்கத்தில் இருந்த மீன்கள் ஒன்றும் தெரியவில்லை. இங்கே "மீன்" என்றால் விண்மீன், அதாவது நட்சத்திரம்.

"பெருவிரலால நிலாவை மறைச்சுப் பார்" என்று அம்மம்மா உள்ளே இருந்து சொன்னார். மகள் ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, பெருவிரலால் நிலாவை மறைத்தாள். நான் பைனாகுலரை எடுத்தேன். நிலாவை ஒட்டினாற்போலச் சின்னச் சின்ன மீன்கள் ஒரு கொத்தாகத் தெரிந்தன. அதுதான் கார்த்திகை. நிலா இல்லாத நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்கே ஆறு மீன்கள் தெரியும். அதனால் பழைய தமிழில் அதற்கு "அறுமீன்" என்றும் பெயர்.

டிசம்பர் 4 இரவு மறுபடியும் பார்த்தோம். அன்றுதான் பூரணை. ரொறன்ரோ நேரப்படி மாலை 6 மணி 14 நிமிடத்துக்கு நிலா முழுமை அடைந்தது. ஆனால் நிலா இப்போது கார்த்திகையின் பக்கத்தில் இல்லை! கிழக்குப் பக்கமாக நகர்ந்திருந்தது. கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடியுங்கள். அந்த முட்டியின் அகலத்தை விட இன்னும் கொஞ்சம் கூடுதலான தூரம்.

ஒரே நாளில் நிலா அவ்வளவு தூரம் போய்விட்டது. கலண்டர் சொன்னது சரிதான். முந்தின நாள் நிலா கார்த்திகையோடு நின்றது. மறுநாள் அது முழுமையானபோது கார்த்திகையைத் தாண்டிவிட்டது.

இருபத்தேழு தரிப்பிடங்கள்

நிலா பூமியைச் சுற்றுகிறது என்று உங்களுக்குத் தெரியும். வானத்து மீன்களுக்கு நடுவே அது ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவர 27 நாளும் ஏறக்குறைய 8 மணித்தியாலமும் ஆகும். நம் முன்னோர் அந்த வட்டப் பாதையை 27 பங்காகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பங்குக்கும் அங்கே இருக்கிற மீனின் பெயரை வைத்தார்கள். அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை... என்று ரேவதி வரை 27 நட்சத்திரங்கள்.

இதை ஒரு பஸ் பாதை போல நினைத்துப் பாருங்கள். 27 தரிப்பிடங்கள் இருக்கின்றன. நிலாதான் பஸ். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு தரிப்பிடம் போகும். இன்று கார்த்திகை என்றால் நாளை ரோகிணி, மறுநாள் மிருகசீரிடம். "உங்கட நட்சத்திரம் என்ன?" என்று கோயிலில் ஐயர் கேட்பாரே, அவர் கேட்பது இதுதான். நீங்கள் பிறந்தபோது நிலா எந்தத் தரிப்பிடத்தில் நின்றது?

அப்படியென்றால் நிலா ஒவ்வொரு மாதமும் கார்த்திகைக்கு வருகிறது. பிறகு ஏன் ஒரே ஒரு மாதத்துக்கு மட்டும் கார்த்திகை என்று பெயர்? ஏனென்றால் நிலா அங்கே வரும்போது எப்போதும் முழுநிலாவாக இருப்பதில்லை. சில மாதங்களில் பிறை, சில மாதங்களில் பாதி நிலா. கார்த்திகை மாதத்தில்தான் அது முழுநிலாவாகவோ, முழுமைக்கு மிகக் கிட்டவோ இருக்கும்.

சூரியன் எங்கே நிற்கிறது?

ஏன் அப்படி என்று பார்க்க ஒரு விளையாட்டு விளையாடுவோம். பன்னிரண்டு கடதாசிகளில் இந்தப் பெயர்களை எழுதுங்கள்: சித்திரை, விசாகம், கேட்டை, உத்திராடம், ஓணம், பூரட்டாதி, அசுவினி, கார்த்திகை, மிருகசீரிடம், பூசம், மகம், உத்திரம். இதே ஒழுங்கில் அவற்றைத் தரையில் வட்டமாக வையுங்கள். நீங்கள் நடுவில் நில்லுங்கள். நீங்கள்தான் பூமி.

அண்ணாவின் கையில் ஒரு ரோச் லைற்றைக் கொடுத்து விசாகத்தில் நிற்கச் சொல்லுங்கள். அவர்தான் சூரியன். தங்கச்சியின் கையில் ஒரு வெள்ளைப் பந்து. அவதான் நிலா. அறை லைற்றை அணைத்துவிட்டு, தங்கச்சியை உங்களைச் சுற்றி நடக்கச் சொல்லுங்கள். பந்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் நிழல் அதில் விழும்.

அவ அண்ணாவின் பக்கத்தில் வரும்போது பந்தின் இருட்டுப் பக்கம்தான் உங்களுக்குத் தெரியும். அதுதான் அமாவாசை. அவ அண்ணாவுக்கு நேர் எதிர்ப் பக்கம் போனதும் வெளிச்சம் பட்ட பக்கம் முழுவதும் தெரியும். அதுதான் பூரணை. இப்போது தங்கச்சியின் காலடியில் இருக்கிற கடதாசியைப் பாருங்கள். கார்த்திகை!

அடுத்து, அண்ணா கார்த்திகைக்குப் போகட்டும். தங்கச்சி எங்கே போனால் பந்து முழுதாகத் தெரியும்? விசாகத்தில். இது நடக்கிற மாதம் வைகாசி. கார்த்திகையும் வைகாசியும் ஆறு மாத இடைவெளி உள்ளவை. ஒன்றில் சூரியன் நிற்கிற இடத்தில்தான் மற்றதில் முழுநிலா நிற்கும்.

இதில் ஒரு கெட்டித்தனம் இருக்கிறது. சூரியன் எந்த மீன்களோடு நிற்கிறது என்று யாராலும் நேரே பார்க்க முடியாது. பகல் வெளிச்சத்தில் மீன்கள் தெரியாதே! ஆனால் பூரணை இரவில் நிலா சூரியனுக்கு நேர் எதிரே நிற்கிறது. நிலா எந்த மீனோடு நிற்கிறது என்று பார்த்தால், சூரியன் எங்கே என்று தெரிந்துவிடும். சூரியன் எங்கே என்று தெரிந்தால் என்ன மாதம் என்று தெரிந்துவிடும். கடதாசிக் கலண்டர் இல்லாத காலத்தில் பூரணை இரவுதான் கலண்டர்.

ஏன் ஒரு நாள் தள்ளிப் போனது?

இப்போது மகளின் கேள்விக்கு வருவோம். 27 தரிப்பிடங்களைப் பன்னிரண்டு மாதங்களுக்குப் பங்கு போடுங்கள். ஒரு மாதத்துக்கு இரண்டேகால் வரும். ஆனால் ஒரு மாதத்துக்கு ஒரு பெயர்தான் வைக்க முடியும். அதனால் கார்த்திகை மாதத்துப் பூரணை மூன்று இடங்களில் ஏதாவது ஒன்றில் வரலாம்: கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம்.

எந்த இடம் என்பது பூரணை மாதத்தின் எத்தனையாவது நாளில் வருகிறது என்பதைப் பொறுத்தது. தமிழ்க் கார்த்திகை மாதம் நவம்பர் 16 அல்லது 17இல் தொடங்கும். முதல் பத்து நாட்களுக்குள் பூரணை வந்தால் நிலா கார்த்திகையில் நிற்கும். அதற்குப் பிறகு வந்தால் ரோகிணியில். மாதத்தின் கடைசி வாரத்தில் வந்தால் மிருகசீரிடத்தில்.

மூன்று ஆண்டுகளைப் பாருங்கள். திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபம் ஏற்றிய நாள் ஒரு பக்கம், ரொறன்ரோ நேரப்படி பூரணை வந்த நாள் மறுபக்கம்.

| ஆண்டு | கார்த்திகைத் தீபம் | பூரணை |
|---|---|---|
| 2023 | நவம்பர் 26 | நவம்பர் 27, அதிகாலை |
| 2024 | டிசம்பர் 13 | டிசம்பர் 15, அதிகாலை |
| 2025 | டிசம்பர் 3 | டிசம்பர் 4, மாலை |

2023இல் பூரணை மாதத்தின் 11ஆம் நாள் வந்தது. நிலா கார்த்திகையைத் தாண்டி ரோகிணிக்குள் காலை வைத்த நேரம் அது. 2025இல் 18ஆம் நாள். நிலா ரோகிணியின் நடுவில் நின்றது. 2024இல் மாதம் முடிகிற நேரத்தில்தான் பூரணை வந்தது. அப்போது நிலா மிருகசீரிடத்தில். அதனால்தான் அந்த ஆண்டு தீபத்துக்கும் பூரணைக்கும் நடுவே ஒரு முழு நாள் இடைவெளி.

இலங்கையில் எங்கள் ஆட்கள் இந்தத் திருநாளை விளக்கீடு என்று சொல்லுவார்கள். கார்த்திகை நட்சத்திரத்தில் ஏற்றுவது குமாராலய தீபம். பூரணையில் ஏற்றுவது சர்வாலய தீபம். நட்சத்திரமும் பூரணையும் வேறு வேறு நாளில் வரலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டு வாசலிலும் அம்மம்மா இரண்டு நாளும் விளக்கு வைத்தார். முன்பெல்லாம் அவர் மறந்துபோய் இரண்டாம் தரம் வைக்கிறார் என்று நான் நினைத்ததுண்டு!

பன்னிரண்டு பெயர்களும் பொருளும்

இந்தப் பெயர்கள் பெரும்பாலும் வடமொழி நட்சத்திரப் பெயர்களிலிருந்து வந்தவை. தமிழர் வாயில் அவை மாறிப் புது வடிவம் எடுத்தன. முதலில் இவை நிலாவை வைத்து எண்ணிய மாதங்களின் பெயர்கள். நம்முடைய தமிழ் மாதம் சூரியனை வைத்து எண்ணுவது. பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். அதனால் சில மாதங்களில் பூரணை பெயருக்குரிய மீனைத் தாண்டியே வரும்.

- சித்திரை: சித்திரை என்ற ஒற்றை மீன். பொருள்: ஒளி மிக்கது, வண்ணம் உள்ளது. படத்தைச் "சித்திரம்" என்று சொல்லுகிறோமே, அதே சொல்தான்.
- வைகாசி: விசாகம். "சாகை" என்றால் கிளை. விசாகம் என்றால் கிளையாகப் பிரிந்தது.
- ஆனி: இதன் வடமொழிப் பெயர் ஜேஷ்டம். அது கேட்டை மீனின் பெயர். பொருள்: மூத்தது. ஆனால் "ஆனி" என்ற சொல்லில் கேட்டையின் ஒலி இல்லை. ஆனிப் பூரணையும் கேட்டையைத் தாண்டி, மூலத்தின் பக்கம்தான் வரும்.
- ஆடி: பூராடம், உத்திராடம் இரண்டிலும் "ஆடம்" இருக்கிறது பாருங்கள். வடமொழியில் அது "அஷாடா". பொருள்: வெல்ல முடியாதது.
- ஆவணி: திருவோணம். அதன் வடமொழிப் பெயர் சிரவணம். பொருள்: கேட்டல். ஆவணிப் பூரணை ஓணத்தைத் தாண்டி அவிட்டத்தின் பக்கம் வரும். "ஆவணி அவிட்டம்" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள்.
- புரட்டாசி: பூரட்டாதி. வடமொழியில் "புரோஷ்டபதம்". பொருள்: இருக்கையின் கால்கள். பூரட்டாதியில் இரண்டு மீன், அடுத்த உத்திரட்டாதியில் இரண்டு மீன். நாலும் சேர்ந்து பெரிய சதுரமாக, ஓர் இருக்கையின் நாலு கால் போலத் தெரியும்.
- ஐப்பசி: அசுவினி. "அசுவம்" என்றால் குதிரை.
- கார்த்திகை: வெட்டுவது என்ற சொல்லிலிருந்து வந்தது. அந்தக் கொத்தை ஒரு கத்தியாகப் பார்த்தார்கள். முருகனை வளர்த்த ஆறு கார்த்திகைப் பெண்களின் கதை உங்களுக்குத் தெரியும்.
- மார்கழி: மிருகசீரிடம். "மிருகம்" இங்கே மான். "சீரிடம்" என்பது தலை. மானின் தலை.
- தை: பூசம். பூசத்தின் பழைய வடமொழிப் பெயர் "திஷ்யம்". அதிலிருந்து தை. பூசம் என்றால் ஊட்டி வளர்ப்பது. தைப்பூசம் தெரியும்தானே!
- மாசி: மகம். பொருள்: பெருமை, வளம். மாசி மகத்தில் இரண்டு பெயரும் சேர்ந்தே வருகின்றன.
- பங்குனி: பூரம், உத்திரம் இரண்டுக்கும் வடமொழியில் "பல்குனி" என்று பெயர். பொருள்: சிவந்த நிறம். பங்குனி உத்திரம் என்ற திருநாளில் மாதமும் மீனும் சேர்ந்து வருகின்றன.

மகள் இந்தப் பட்டியலை எழுதி முடித்துவிட்டு, கலண்டரின் டிசம்பர்ப் பக்கத்துக்குப் போனாள். முன்பு 3ஆம் திகதிக் கட்டத்தில் பென்சிலால் "பிழை" என்று எழுதி வைத்திருந்தாள். அதை அழித்துவிட்டு "நிலா இங்கே" என்று எழுதினாள். 4ஆம் திகதிக் கட்டத்தில் "நிலா ரோகிணிக்குப் போய்விட்டது" என்று எழுதினாள்.

செய்து பாருங்கள்

1. வீட்டுக் கலண்டரில் அடுத்த பூரணையைத் தேடுங்கள். அன்றைய நட்சத்திரம் என்ன? அது மாதத்தின் பெயரோடு சேர்கிறதா, அல்லது தாண்டிவிட்டதா?
2. அந்தப் பூரணைக்கு முந்தின இரவும் அன்றிரவும் ஒரே நேரத்தில் நிலாவைப் பாருங்கள். பக்கத்தில் தெரிகிற ஒரு பிரகாசமான மீனிலிருந்து நிலா எத்தனை முட்டி தூரம் நகர்ந்தது என்று அளந்து எழுதுங்கள்.

விடை எழுதுங்கள்

1. பூரணையன்று சூரியனும் நிலாவும் எப்படி நிற்கும்?
2. மாசி மாதப் பூரணையில் நிலா மகத்தில் நின்றால், சூரியன் எந்தக் கடதாசியில் நிற்கும்? விளையாட்டு வட்டத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.
3. ஓர் ஆண்டில் பூரணை நவம்பர் 24இல் வருகிறது. நிலா கார்த்திகையில் நிற்குமா, ரோகிணியில் நிற்குமா? ஏன்?
4. அம்மம்மா ஏன் இரண்டு நாள் விளக்கு வைத்தார்?

சொற்பொருள்

பூரணை – முழுநிலா நாள்
மீன் – இங்கே விண்மீன், நட்சத்திரம்
கொத்து – ஒன்றாகச் சேர்ந்த கூட்டம்
தரிப்பிடம் – பஸ் நிற்கும் இடம்
பஞ்சாங்கம் – நாள், நட்சத்திரம், பூரணை முதலியவற்றைச் சொல்லும் கலண்டர்